கத்திரி வெயில் எப்படி "இளவேனில்" ஆகும்? ஆறு பருவப் பெயர்களும் மாதக் கணக்கும்

தென்காசிச் சாரல் எழுதியது:

வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. நேற்று இரவு பெரும்பொழுது ஆறையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஒப்பித்து முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, இன்னைக்கு ஆனி அஞ்சு. முதுவேனில்னா முற்றிய வெயில்னுதானே அர்த்தம்? அப்போ வெளியே என்ன தூறுது?"

எங்கள் ஊரில் இப்போது சாரல். காய்ந்த துணியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அவள் படிக்கவே உட்கார்ந்தாள். இன்னொன்றும் கேட்டாள். கத்திரி வெயில் மே 4 முதல் 28 வரை. அது சித்திரைக் கடைசியிலும் வைகாசி முதல் பாதியிலும் வருகிறது. அதற்குப் பெயர் "இளைய" வேனிலா? என்னிடம் பதில் இல்லை. புத்தகம் தப்பா, பெயர் தப்பா, எங்கள் ஊர் தப்பா?

---

பஞ்சாங்கப் பிரியன் எழுதியது:

இதில் குழப்பமே இல்லை சார். ஆறு ருதுக்கள் நாடு முழுவதற்கும் பொது. வசந்தம்தான் இளவேனில், கிரீஷ்மம்தான் முதுவேனில், வர்ஷம் கார், சரத் கூதிர், ஹேமந்தம் முன்பனி, சிசிரம் பின்பனி. பஞ்சாங்கத்தில் இன்ன மாதத்துக்கு இன்ன ருது என்று போட்டிருக்கும், அந்த வரிசையும் இதுவும் ஒன்றுதான். தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு ஊரில் தூறுகிறது என்பதற்காக ருது மாறாது.

---

வேனில்அப்பா எழுதியது:

நல்ல இழை, என் பிரச்சினைக்கும் இங்கேயே வழி கிடைக்கும் போலிருக்கிறது. போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. இளவேனில் என்று பெயர் வைக்கலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். மாமியார், "வெயில்னு யாராவது பிள்ளைக்குப் பேர் வைப்பாங்களா"ன்னு மூன்று நாளாகப் பேசவில்லை. வசந்தம் என்றுதானே பொருள்? யாராவது உறுதியாகச் சொன்னால் அப்படியே போனில் காட்டிவிடுவேன்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

பஞ்சாங்கப் பிரியன் சொல்வதில் பாதி சரி. இரண்டிரண்டு மாதமாகப் பிரித்து அடுக்கியதில் இரண்டு வரிசையும் பொருந்துகின்றன. ஆனால் பெயர் பெயர்ப்பு அல்ல, அதை ஒரே பருவத்தை வைத்துக் காட்டிவிடலாம்.

சரத் என்றால் வடக்கே மழை ஓய்ந்த காலம். வானம் கழுவிவிட்டது போல் இருக்கும், நிலா தெளிவாகத் தெரியும். சரத் பௌர்ணமிக்கு அங்கே அவ்வளவு மவுசு இருப்பது அதனால்தான். அதே ஐப்பசி, கார்த்திகைக்கு நம் பெயர் கூதிர். கூதிர் என்றால் நடுக்கும் குளிர், ஈரம் சுமந்து வரும் குளிர்காற்று. "கூதல் அடிக்குது" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் உறவு. நமக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி தொடங்கியதும் இறங்கும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதத்தில்தான். நிலாவாவது, தெளிவாவது! ஒரே இரண்டு மாதம்தான், ஆனால் அங்கே பெயர் வைத்தவன் வானத்தை அண்ணாந்து பார்த்து வைத்திருக்கிறான், இங்கே பெயர் வைத்தவன் போர்வைக்குள் இருந்து வைத்திருக்கிறான்.

நெடுநல்வாடையைப் படித்தால் கூதிர் என்றால் என்ன என்று தோலிலேயே தெரியும். அதில் மாதப் பெயர் கிடையாது. வெயிலே தெரியாததால் பெண்கள் பிச்சி மொட்டு அவிழும் மணத்தை வைத்துத்தான் மாலையாகிவிட்டது என்று அறிகிறார்கள். கோடைக்குப் பயன்பட்ட விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. குறுகிய வாய்ச் செம்பில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரை யாரும் தொடவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கூதிர் வந்து நின்றுவிட்டது என்கிறார் புலவர். தேதி வைத்துச் சொல்லவில்லை, சிலந்தியை வைத்துச் சொல்கிறார்.

வேனில்அப்பா: இள என்பதற்குத் "தொடக்கம்" என்று பொருள். வேனில் வெம்மையோடும் வெயிலோடும் ஒரே குடும்பம். ஆக உங்கள் மாமியார் சொல்லும் பொருள் தப்பில்லை. ஆனால் பெயர் நல்ல பெயர்.

---

வேனில்அப்பா எழுதியது:

ஐயா, கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டப்போகிறேன். 🙏

---

குமரிக்கடல் எழுதியது:

கார்த்திகை என்ற பெயரே கார் என்பதிலிருந்து வந்ததுதானே? மழை மாதம் அதுதான். அப்படியானால் கார் காலம் என்பதே கார்த்திகையில்தான் இருந்திருக்க வேண்டும், பிற்காலத்தில் யாரோ ஆவணிக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இல்லை. கார்த்திகை ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயர். அந்த மாதப் பௌர்ணமி நிலா அந்த மீன்களுக்குப் பக்கத்தில் நிற்கும், அதனால் மாதத்துக்கு அந்தப் பெயர். சித்திரை, விசாகத்திலிருந்து வைகாசி, மகத்திலிருந்து மாசி, உத்திரம் நிற்கும் பங்குனி எல்லாம் அந்த வகைதான். மாதப் பெயர் எதிலும் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அது முழுக்க இரவு வானத்தின் பெயர்.

பருவப் பெயர் நேர்மாறு. கார் என்றால் முதலில் கருப்பு. அப்புறம் கருத்த மேகம், அப்புறம் அந்த மேகம் பெய்யும் மழை, அப்புறம் அந்த மழைக்காலம். ஒரு நிறம் நான்கு படி ஏறிப் பருவமாகியிருக்கிறது. கூதிர், பனி, வேனில் மூன்றும் உடம்பு உணர்வது. ஆறு பெயரிலும் ஒரு நட்சத்திரம் கிடையாது.

ஆகவே "புத்தகம் தப்பா, பெயர் தப்பா" என்ற கேள்விக்கு என் பதில், இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். மாதம் எப்போது பிறக்கும் என்று பஞ்சாங்கம் நாழிகை வரை சொல்லும், சூரியன் ராசிக்குள் நுழையும் நேரம் அது. பருவம் எப்போது பிறக்கும் என்று சொல்ல நாழிகை கிடையாது. தொல்காப்பியம் முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிர் என்று நிலத்தோடு பருவத்தைச் சேர்க்கிறது, இன்ன பருவத்துக்கு இன்ன இரண்டு மாதம் என்று நூற்பாவில் பட்டியல் போடவில்லை. அந்தப் பட்டியலை நமக்குக் கொடுத்தவர்கள் உரையாசிரியர்கள். நச்சினார்க்கினியர் ஆண்டையே சிங்க ஓரையில், அதாவது ஆவணியில் தொடங்கிக் கடகத்தில் முடிக்கிறார். மனப்பாட வரிசை காரில் தொடங்குவதும் அதற்குப் பொருந்துகிறது.

---

தைமகன் எழுதியது:

ஆவணியா? தமிழ்ப் புத்தாண்டு தையா, சித்திரையா என்பதே இன்னும் முடியவில்லை, இப்போது மூன்றாவதாக ஒன்றா? ஆதாரம் எங்கே? இதைப் பற்றி நான் போன வருஷமே விரிவாக எழுதியிருந்தேன்...

---

மட்டுறுத்துநர்:

புத்தாண்டுக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே 900 பதிவு ஓடியிருக்கிறது. இங்கே பருவம் மட்டும். அதன் தொடர்ச்சியாக வந்த பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன்.

---

நெல்லைக் காணி எழுதியது:

எங்க பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் "கார்" என்றால் ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுக்கிற சாகுபடி. அப்புறம் பிசானம், அது ஐப்பசியில் தொடங்கி மாசி வரை போகும். எங்க அய்யா வைகாசிக் கடைசியிலேயே "காருக்கு நாத்துப் பாவணும், அணையில தண்ணி எவ்வளவு இருக்கு"ன்னு விசாரிக்க ஆரம்பிச்சிடுவார். நீங்கள் சொல்லும் முதுவேனிலில் நாங்கள் சேற்றில் நிற்கிறோம். அப்போ எங்க கார் தப்பா?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

தப்பில்லை அண்ணாச்சி. நடுவதை வைத்துப் பார்த்தால்தான் இடிக்கிறது. உங்கள் கார் நெல் களத்துக்கு வருவது ஆவணி, புரட்டாசியில். கார் காலத்தில் அறுக்கிற நெல் என்ற பொருளில் பெயர் வந்திருக்கலாம். நெல்லின் நிறத்தை வைத்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன், ஆனால் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.

---

நெல்லைக் காணி எழுதியது:

கருத்த நெல்லும் ஒண்ணு ரெண்டு பார்த்திருக்கேன். ஆனா எங்க காரில் வெள்ளை நெல்லும் போட்டோமே. சரி, உங்க கணக்கே இருக்கட்டும்.

---

சூரியகணிதன் எழுதியது:

கத்திரி கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

நம் மாதம் நட்சத்திரங்களைப் பின்னணியாக வைத்துச் சூரியனை அளக்கிறது. வெயிலும் குளிரும் அப்படி வருவதில்லை. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பதை வைத்து வருகின்றன. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நீளத்தில் ஏறக்குறைய 20 நிமிட வித்தியாசம் உண்டு. நட்சத்திர ஆண்டுதான் நீளம். வருஷத்துக்கு 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் என்பதால் 71 வருஷத்துக்கு ஒரு நாள். ஆக நம் மாதங்கள் மெல்ல மெல்லப் பருவத்தை விட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21. சித்திரை 1 ஒரு காலத்தில் அந்த நாளை ஒட்டி இருந்தது, இப்போது ஏப்ரல் 14.

இதைக் கத்திரிக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரை மார்ச் 20-ஐ ஒட்டிப் பிறந்த காலத்தில் மே 4 என்பது வைகாசி நடுவில் விழும், மே 28 ஆனித் தொடக்கத்தில் விழும். அதாவது உச்ச வெயில் இளவேனில் கடைசியிலிருந்து முதுவேனிலுக்குள் போகிறது. பெயர் அப்போது கொஞ்சம் பொருந்தும். முழுக்கப் பொருந்தாது, கொஞ்சம்தான்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

இதற்கு இலக்கியத்திலும் ஒரு சாட்சி இருக்கிறது. ஐங்குறுநூற்றில் இளவேனிற்பத்து என்று பத்துப் பாட்டு. பத்தும் "அவரோ வாரார், தான் வந்தன்றே" என்றுதான் தொடங்கும். அவர் வரவில்லை, இளவேனில் மட்டும் வந்துவிட்டது என்று தலைவி புலம்புகிறாள். வந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறாள்? குயில் கூவுகிறது, புன்கு பூக்கிறது, வேப்பம்பூ உதிர்கிறது. தென்காசிக்காரர் தெருவில் வேப்ப மரம் எப்போது பூத்தது என்று நினைத்துப் பாருங்கள். பங்குனியிலேயே தொடங்கியிருக்கும், சித்திரை 1 அன்று பச்சடிக்குப் பூ கிடைத்திருக்கும். வைகாசியில் மரத்தில் காய்தான் இருக்கும். பாட்டில் இருக்கும் இளவேனிலுக்கும் இன்றைய பட்டியல் இளவேனிலுக்கும் நடுவே ஒரு மாதம் போல இடைவெளி தெரிகிறது. சூரியகணிதன் சொல்லும் நகர்வுக்கு இது ஒத்துப்போகிறது.

---

சூரியகணிதன் எழுதியது:

ஒத்துப்போவது போல் தெரிகிறது, ஆனால் நானே ஒரு ஓட்டையைக் காட்டிவிடுகிறேன். பட்டியல் உரையாசிரியர்களுடையது என்று நீங்களே சொன்னீர்கள். நச்சினார்க்கினியர் பதினான்காம் நூற்றாண்டு என்று வைத்தால் 650 வருஷம். 71-ஆல் வகுத்தால் ஒன்பது நாள்தான். ஒரு மாத இடைவெளி வர வேண்டுமானால் 2000 வருஷம் போக வேண்டும், அதற்கு 28 நாள் கிடைக்கும். அவ்வளவு பழைய காலத்தில் மாதங்களை இதே ராசிக் கணக்கில்தான் எண்ணினார்களா என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. நச்சினார்க்கினியர் காலத்திலேயே வைகாசி வெயில் மண்டையைப் பிளந்திருக்கும், அவர் அதை இளவேனில் என்றுதான் எழுதியிருக்கிறார்.

இன்னொரு சங்கதி. ஆறும் சமமான பங்கு என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்? மாதத்தை வைத்து எண்ணினால் சமமே இல்லை. மார்கழி 29 அல்லது 30 நாள், தையும் அப்படித்தான். ஆனியும் ஆடியும் 31, 32 நாள் போகும். முன்பனி 59 நாளில் முடிந்துவிடும், முதுவேனில் 63 நாள். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் வேகமாக ஓடுகிறது, ராசியைச் சீக்கிரம் கடந்துவிடுகிறது, அதனால் இந்தக் குறைவு.

---

பஞ்சாங்கப் பிரியன் எழுதியது:

நகர்வு எனக்குத் தெரியும், அயனாம்சம் பார்க்காமல் ஜாதகமே போட முடியாது. ஆனால் ருதுவுக்கு அதைப் போடுவதில்லை. சங்கல்பத்தில் சித்திரை, வைகாசிக்கு வஸந்த ருது என்றுதான் சொல்வோம், வேர்த்துக் கொட்டினாலும். கூதிர் விஷயத்தில் நீங்கள் சொன்னது யோசிக்க வேண்டியதுதான். மற்றதில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

---

வடமராட்சியான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுக்குப் பேச்சில் ஆறு இல்லை, மாரியும் கோடையும்தான். இடையில பனிக்காலம் எண்டு கொஞ்சம். அதை விட்டால் காத்தை வைச்சுத்தான் கதை: சோளகம் பிறந்திட்டுது, வாடை தொடங்கிட்டுது எண்டுதான் அம்மம்மா சொல்லுவா. கூதல் எண்ட சொல் எங்கட வீட்டில் இப்பவும் இருக்கு. முதுவேனில் எண்டு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணை ஏட்டுச்சுவடி, ஒரு கேள்வி. பழமொழி எல்லாம் ஏன் மாதத்தில இருக்கு? ஆடிக் காத்தில அம்மியும் பறக்கும், ஐப்பசி அடைமழை எண்டெல்லாம் சொல்லுறம். "கூதிர் வந்தால்" எண்டு ஒரு பழமொழியும் இல்லையே?

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி, நான் இப்படி யோசித்ததில்லை. விதைப்பவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று தேதியாகச் சொன்னால்தான் உதவும். பாட்டில் வரும் தலைவிக்கு வேண்டியது தேதி இல்லை, அறிகுறி. பழமொழி முன்னே பார்க்கிறது, பருவம் வந்த பிறகு தெரிகிறது. மாதப் பழமொழியும் பருவத்துக்கு அடங்காது. "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்கிறார்கள். அது கார்ப் பருவத்தின் இரண்டாம் மாதம், அதில் ஒரே வாரத்துக்குள் இரண்டும் நடக்கும்.

அறிகுறி ஏமாற்றவும் செய்யும். குறுந்தொகை 66-ஆம் பாட்டு இதற்காகவே எழுதினது போல் இருக்கும். கார் வந்தால் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றை கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டது. தலைவி உடைந்துபோகிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றைக்கு அறிவே இல்லை, வம்ப மாரியைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது. வம்ப மாரி என்றால் காலமல்லாத காலத்தில் புதிதாக வந்த மழை. இப்போது யோசியுங்கள், கையில் பஞ்சாங்கம் வைத்து மாதத்தை எண்ணிப் பருவம் சொல்கிற ஊரில் இந்தப் பாட்டுக்கு வேலையே இல்லை. "இன்றைக்கு ஆடி இருபது, கார் இன்னும் பிறக்கவில்லை" என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். மழை வந்தும் கார் வரவில்லை என்று வாதாட இடம் இருக்கிறது பாருங்கள், அந்த இடம்தான் மாதத்துக்கும் பருவத்துக்கும் உள்ள வித்தியாசம். தோழி உண்மையைச் சொல்கிறாளா, சமாதானத்துக்குச் சொல்கிறாளா என்பது வேறு கதை.

---

தென்காசிச் சாரல் எழுதியது:

கொன்றை விஷயம் மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்போ நம்ம சாரல் வம்ப மாரியா?" என்கிறாள்.

---

சூரியகணிதன் எழுதியது:

இல்லை, அது வருஷா வருஷம் வருகிற மழை, வம்பு ஒன்றும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிக் கேரளத்திலேயே கொட்டிவிடுகிறது. உங்கள் பக்கம் செங்கோட்டைக் கணவாய் வழியாக மிச்சம் உள்ளே நுழைகிறது, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் பொள்ளாச்சிக்கும் அப்படித்தான். அதே ஆனியில் சென்னைக்கோ வேலூருக்கோ வந்து பாருங்கள், முதுவேனில் என்ற பெயரில் ஒரு குறையும் தெரியாது. ஊர் தப்பில்லை, கணவாய்க்கு நேரே இருக்கிறது, அவ்வளவுதான்.

---

அதிகாலைநடை எழுதியது:

பனி இரண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. முன்பனி என்றால் இரவின் முன்பாதியில் விழும் பனி, பின்பனி என்றால் பின்னிரவில் விழுவது என்று எங்கள் தமிழ் ஐயா சொல்லித் தந்தார். நான் தினமும் காலை ஐந்து மணிக்கு நடப்பவன். மாசியில் வண்டி சீட் நனைந்திருக்கும், ஆனால் இரவு பதினொன்றுக்கு மூடாமல் விட்டபோது காய்ந்துதான் இருந்தது. எனக்கு அந்த விளக்கம் சரியாகத்தான் படுகிறது.

---

சூரியகணிதன் எழுதியது:

காரணமும் பொருந்துகிறது. மார்கழியில் இரவு நீளம், பகல் வெயிலும் குறைவு, பொழுது சாய்ந்ததும் தரை சீக்கிரம் ஆறிவிடும். மாசியில் பகலில் தரை நன்றாகக் காய்ந்துவிடுவதால் ஈரம் படியும் அளவுக்கு ஆற நடுராத்திரி தாண்டிவிடும்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

அகராதிகளும் அப்படித்தான் பொருள் சொல்கின்றன. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். தொல்காப்பியம் முன்பனியை ஓர் இடத்தில் "பனி எதிர் பருவம்" என்கிறது. பனியை எதிர்கொள்ளும் பருவம், அதாவது பனிக்காலத்தின் முகப்பு. அப்படியானால் முன்பனியில் இருக்கும் "முன்" இரவைப் பற்றியதா, பருவத்தைப் பற்றியதா? பனிக்காலத்தின் முதல் பாதி, இரண்டாம் பாதி என்று மட்டும் கூட இருக்கலாம்.

---

அதிகாலைநடை எழுதியது:

அப்படியென்றால் வேனிலுக்கு வைத்தது போல இளம்பனி, முதுபனி என்று வைத்திருக்கலாமே? வேனிலுக்கு இளமை, முதுமை. பனிக்கு மட்டும் முன், பின். ஏதோ காரணத்தோடுதான் சொல்லை மாற்றியிருக்கிறார்கள்.

---

ஏட்டுச்சுவடி எழுதியது:

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பதும் நேரத்தைச் சொல்லவில்லை.

---

வேனில்அப்பா எழுதியது:

பெயர் இளவேனில்தான் என்று முடிவாகிவிட்டது. மாமியார் ஒரு நிபந்தனை போட்டார்: வீட்டில் கூப்பிடுவது "இளா". வெயில் வேண்டாமாம்.

---

தென்காசிச் சாரல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தேர்வில் பட்டியலை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன், மதிப்பெண் அதற்குத்தான். பனி விவகாரத்தை மட்டும் அவள் விடுவதாக இல்லை. மார்கழி பிறந்ததும் ராத்திரி ஒன்பது மணிக்கும் விடியற்காலை நாலரைக்கும் என் வண்டி சீட்டைத் தொட்டுப் பார்த்து நோட்டில் குறிப்பாளாம், பங்குனி வரைக்கும். நாலரைக்கு யார் எழுப்புவது என்று கேட்டேன், என்னைக் கைகாட்டினாள். ஏப்ரலில் வந்து எழுதுகிறேன்.